காஜா மட்டும்தான் பாக்கி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே எங்கள் தெருத் தையல்கடையில் ஒரு அட்டை தொங்கும்: ‘ஆர்டர் எடுப்பதில்லை.’ அந்த அட்டைக்குக் கீழே நின்றுதான் எல்லோரும் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை இறக்காமலேயே, “போர்டப் பாக்கலியா சார்?” என்பார். பார்த்ததாக அப்பா ஒப்புக்கொள்வார். அதன்பிறகு அளவு எடுக்கப்படும்.

எழுபதுகளின் கும்பகோணம். போனஸ் வந்ததும் ஒரே பீஸில் துணி எடுத்து, அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி சட்டை தைக்கக் கொடுப்பது குடும்ப வழக்கம். துணியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, ரசீதில் பின் அடித்துக் கொடுப்பார் மாஸ்டர். ரசீதில் பெயர் இருக்கும், துணித் துண்டு இருக்கும், தொகை இருக்கும். தேதி என்ற இடத்தில் ‘தீபாவளி’ என்று எழுதியிருக்கும். அது வருஷா வருஷம் சரியாக வந்துவிடுகிற நாள் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ரசீதைக் கொண்டு போய்க் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். “தச்சாச்சு தம்பி, காஜா மட்டும்தான் பாக்கி.” உள்ளே எட்டிப் பார்த்தால், நம் துணி மடித்தது மடித்தபடி அலமாரியில் இருக்கும். அதில் இன்னும் கத்திரிகூடப் பட்டிருக்காது. இது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அப்படியானால் அந்தக் கடையில் வேலை எந்த வரிசையில் நடந்தது? ரசீது எண்படி நிச்சயமாக இல்லை. கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் யார் வந்து உட்கார்ந்தார்களோ அவர்கள் துணி மிஷினுக்குப் போயிற்று. எழுந்து போனவர் துணி மறுபடி அலமாரிக்கு வந்தது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி அந்த பெஞ்சில் இடம் கிடைக்காமல் படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். விடிய விடிய மிஷின் ஓடும், காஜா பையன் தூங்கி விழுந்துகொண்டே ஊசி கோப்பான், விடியற்காலையில் சூட்டோடு சட்டை கைக்கு வரும். தயாரிப்புக் காலம், ஒப்படைக்கும் நாள், முன்னுரிமை எல்லாவற்றையும் அந்த ஒரு பெஞ்சே தீர்மானித்தது.

இப்போது என் அண்ணன் மகள் அதே ஊரில் சுடுமண் நகை செய்கிறாள். ஜிமிக்கி, அட்டிகை, வளையல் என்று புடவையின் படத்தை அனுப்பினால் அதற்குப் பொருத்தமாக வண்ணம் தீட்டித் தருவாள். வாங்குபவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் புனேயிலும் இருக்கிறார்கள். யாரும் வந்து பெஞ்சில் உட்கார முடியாது. உட்கார முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கேட்பார்கள்: “எப்ப வரும் சிஸ்டர்?”

2024 தீபாவளிக்கு அவள் முன்பதிவு திறப்பதற்கு முன்னால், படத்துக்குக் கீழே போட வேண்டிய வாசகத்தை என்னிடம் காட்டினாள். நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பல வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். நிபந்தனை என்றால் சித்தப்பாவிடம் காட்டுவது என்று வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவள் எழுதியிருந்தது இது:

‘ப்ரீ ஆர்டர் ஓப்பன்! ஒவ்வொன்றும் அன்போடு கையால் செய்தது. 15 நாளில் கிடைக்கும். நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், நோ கேன்சல்.’ கடைசியில் மூன்று சிவப்பு இதயங்கள்.

“15 நாள் எப்போதிலிருந்தும்மா?” என்று கேட்டேன்.

“ஆர்டர் போட்டதிலேருந்து.”

“முதல் நாள் போட்டவங்களுக்கும் கடைசி நாள் போட்டவங்களுக்கும் தனித்தனியா சூளை போடுவியா?”

அவள் யோசித்தாள். “கிடைக்கும்னா, உன் வீட்டுலேருந்து கிளம்புறதா, அவங்க வீட்டுக்குப் போய்ச் சேருறதா?” என்று அடுத்ததையும் கேட்டுவிட்டேன்.

“சித்தப்பா, இது இன்ஸ்டாகிராம். கிரயப் பத்திரம் இல்ல.”

இல்லைதான். ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு பின்னால் ஒரு பொருளைத் தருகிறேன் என்று எழுதினால், அது கிரய உடன்படிக்கைக்குத் தங்கை முறை. அதிலே கெடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று இருக்கும். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் என்ன ஆகும், விற்பவர் பின்வாங்கினால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் இருக்கும். இரண்டில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நான் தொழிலில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, முதலில் வேலை எத்தனை நாள் என்று கணக்குப் போடலாம் என்று காலண்டரை இறக்கினேன். அப்போதுதான் மண்ணைப் பற்றி அவளிடம் நான் பாடம் கேட்டேன்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கல்லும் வேரும் நீக்கி, பிசைந்து ஈரத் துணியில் சுற்றி வைத்திருப்பாள். அது எப்போதும் கைவசம் இருக்கும். அதிலிருந்து 25 செட் வடிவம் செய்ய 5 நாள். கம்பி கோக்க வேண்டிய துளையை ஈரத்திலேயே குத்திவிட வேண்டும். காய்ந்தபின் குத்தப் போனால் வெடித்துவிடும். அடுத்தது காயப்போடுவது. இதில்தான் 15 நாள் கணக்கு கவிழ்கிறது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று நினைப்போம். வெயிலில் ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும், நடு இன்னும் ஈரமாக இருக்கும், நடுவில் கோடு விழும். அதனால் நிழலில், மேலே துணி மூடி, மெதுவாக. நல்ல நாளில் ஒரு வாரம், மழைநாளில் அதற்கும் மேலே.

காய்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு சூளையில் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். உள்ளே மிச்சமிருக்கிற தண்ணீர், சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் டப் என்று வெடிக்கும். வெடித்தது மட்டும் போனால் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பதையும் உடைத்துவிட்டுத்தான் போகும். ஜிமிக்கியில் இன்னொரு சங்கடம் உண்டு. மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பங்கு சுருங்கிவிடுகிறது. ஒரு ஜோடியில் ஒன்று உடைந்து, அதற்கு மாற்றாக இன்னொன்றை வேறு நாளில் வேறு ஈரப்பதத்தில் செய்தால், இரண்டும் அளவில் ஒத்துப்போகாது. அதனால் முதலிலேயே கூடுதலாக மூன்று செட் செய்து சூளையில் வைப்பாள். சூளை 28 செட்தான் கொள்ளும். ஆகவே ஆர்டர் 25. ஆர்டரை எங்கே நிறுத்துவது என்பதை அவளுடைய மனசோ ஆசையோ முடிவு செய்யவில்லை, சூளை முடிவு செய்கிறது. எங்கள் மாஸ்டரின் அட்டைக்குப் பின்னால் அப்படி ஒரு சூளை இருந்ததில்லை.

உமியும் வரட்டியும் அடுக்கி மெதுவாகச் சூடேற்றிச் சுட ஒரு நாள். அது தானாக ஆறும்வரை பிரிக்கக் கூடாது என்பதால் இன்னொரு நாள். எடுத்தபின் ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்ப்பாள். கணீர் என்றால் வெந்திருக்கிறது, மொத்தையாகச் சத்தம் வந்தால் வேகவில்லை. பிறகு இரண்டு பூச்சு வண்ணம், மேலே வார்னிஷ், கடைசியில் கம்பி கோத்தல். வார்னிஷ் தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, பொட்டலத்துக்குத் தயாராவது வேறு. ஒருமுறை ஈரக்காற்று நாளில் அவசரமாகக் குமிழிப் பையில் சுற்றி அனுப்பியதில், பிரித்துப் பார்த்தவருக்கு மயில் நீல ஜிமிக்கியில் வட்ட வட்டமாகக் குமிழிகளின் அச்சு கிடைத்தது. புது டிசைன் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்ததாக ஒப்புக்கொண்டாள்.

காலண்டரில் வைத்துப் பார்த்தோம். செப்டம்பர் 20 முதல் 24 வரை முன்பதிவு. 25-ல் மண்ணைத் தொட்டால் 29-க்குள் வடிவம் முடியும். 30 முதல் அக்டோபர் 6 வரை காய்ச்சல். 7-ல் சூளை, 8-ல் பிரித்தல். 9, 10 வண்ணம். 11-ம் தேதி என்ன என்று பார்த்தால் ஆயுத பூஜை. தூரிகைக்கும் இடுக்கிக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டால் அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, வீட்டில் விருந்தாளி. 13, 14-ல் மீதி வண்ணமும் வார்னிஷும். 15 முதல் 17 வரை கம்பி கோத்து, தட்டிப் பார்த்து, பெட்டியில் வைத்தல். ஆக 18-ல் முதல் பார்சல் கிளம்பலாம். முன்பதிவு முடிந்து 24-ம் நாள். அவள் எழுதியிருந்தது 15.

“18-ன்னு போட்டுடவா?” என்றாள். ஒற்றைத் தேதி போட்டால் அன்று மின்சாரம் போனாலும் நீ பொய்யர் ஆகிவிடுவாய் என்றேன். அதனால் 18 முதல் 22 வரை என்று ஒரு இடைவெளி. 25 பெட்டியையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது, நடுவில் ஒரு ஞாயிறும் வருகிறது. அதற்கு மேல் கூரியர் நாட்கள். தமிழ்நாட்டுக்குள் 2 முதல் 4 நாள், வெளி மாநிலத்துக்கு ஒரு வாரம். புனேக்காரருக்கு 29-ல் கிடைத்தாலும் 31-ம் தேதி தீபாவளிக்குப் போட்டுக்கொள்ளலாம். ‘வேலை நாட்கள்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம் என்றேன். ஞாயிறு உண்டா, பூஜை உண்டா என்று எண்ணுகிற வேலையை வாங்குபவர் தலையில் கட்டுவது அது. தேதியைச் சொல்லிவிட்டால் எண்ண வேண்டியதே இல்லை.

அடுத்து ரத்து. ‘நோ கேன்சல்’ என்பதை அவள் விடுவதாக இல்லை. “மாஸ்டர் மட்டும் துணியத் திருப்பிக் குடுப்பாராக்கும்?” என்று என் கதையை என் மேலேயே திருப்பினாள். கொடுப்பார், கத்திரி படும்வரைக்கும் கொடுப்பார். கத்திரி பட்ட துணியைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றியதும் இல்லை. விதி எழுதப்படவில்லையே தவிர, எந்த இடத்தில் திரும்ப முடியாமல் போகிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. காஜா மட்டும்தான் பாக்கி என்று மாஸ்டர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். கத்திரி பட்டுவிட்டது என்று நம்பவைத்தால் யாரும் துணியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போக மாட்டார்கள்.

மண்ணுக்குக் கத்திரி எது என்று அவளிடம் கேட்டேன். யோசித்து அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சுடாத மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் தண்ணீரில் போட்டால் மறுபடி களிமண்தான். கூலி போகும், பொருள் போகாது. ஏறக்குறைய 600 டிகிரியைத் தாண்டி வெந்துவிட்டால் அது மண்ணுக்குத் திரும்பாது. ஆனால் வண்ணம் தீட்டாதவரை அந்தச் சிவப்பு ஜிமிக்கியை இன்னொருவர் புடவைக்குக் கொடுக்கலாம். ஒருவருடைய மாம்பழ மஞ்சளும் அரக்கு பார்டரும் ஏறிவிட்டால்தான் அது அவருக்கு மட்டுமே ஆன பொருள். ஆக, மண்ணைத் தொடும் நாள், வண்ணம் தொடும் நாள் என்று இரண்டு கோடு போதும். முதல் கோட்டுக்கு முன் முழுப்பணம், இரண்டுக்கும் நடுவில் பாதி, அதன்பின் இல்லை. இப்படி எழுதினால் ‘ஏன் தரமாட்டீர்கள்?’ என்ற கேள்விக்கு விதிக்குள்ளேயே பதில் இருக்கும்.

மறுபக்கத்தை எழுதும்போதுதான் முகம் சுளித்தாள். ‘நாங்கள் ரத்து செய்தால்’ என்று ஒரு வரி போடச் சொன்னேன்.

“நான் எதுக்கு சித்தப்பா ரத்து செய்யப்போறேன்?”

“சூளை வெடிச்சா?”

2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. உறுதிசெய்த ஆர்டரை வாங்குபவர் ரத்து செய்தால் மின்வணிக நிறுவனம் கட்டணம் பிடிக்கக் கூடாது. தானே ரத்து செய்யும்போதும் அதேபோன்ற கட்டணத்தை ஏற்பதானால் மட்டும் பிடிக்கலாம். பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, சொன்ன கெடுவுக்குப் பின் வந்தாலோ, திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லவும் கூடாது. தாமதத்துக்கு இயற்கைச் சீற்றம் போன்றவை காரணமென்றால் மட்டும் விலக்கு. வீட்டுத் திண்ணையில் செய்கிற ஜிமிக்கிக்காக யாரும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. ஆனால் ‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதியதால் உடைந்து போன பொருளுக்கும் பொறுப்பில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தது நல்லதல்ல.

கடைசியாக இன்னொரு விஷயத்தை அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். இன்ஸ்டாகிராமில் வாசகத்தின் முதல் நூற்றிச் சொச்சம் எழுத்துகள்தான் கண்ணுக்குத் தெரியும். மீதி, தட்டினால்தான் விரியும். பத்திரத்தில் ‘நாளது தேதியில்’ என்று ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில் விஷயத்துக்கு வருகிற பழக்கம் எனக்கு. இங்கே அன்பும் இதயமும் முதல் வரியைப் பிடித்துக்கொண்டால் தேதி மடிப்புக்குள் போய்விடும். ஆகவே தேதி மேலே, அன்பு கீழே. முடிவில் நின்ற வாசகம் இது:

‘தீபாவளி முன்பதிவு: செப். 20–24, 25 செட் மட்டும். பார்சல் எங்களிடமிருந்து கிளம்புவது அக். 18–22.

செட் ரூ. 850, முன்பணம் ரூ. 400, மீதி அனுப்பும் முன். முன்பணம் வந்தால்தான் பதிவு.

கிளம்பியபின் தமிழ்நாட்டுக்குள் 2–4 நாள், பிற மாநிலங்களுக்கு 7 நாள்வரை ஆகும்.

ரத்து: செப். 24 இரவுவரை முன்பணம் முழுதும் திரும்ப வரும். செப். 25 முதல் அக். 8 வரை ரூ. 200 திரும்ப வரும். அக். 9-ல் உங்கள் புடவை நிறம் தீட்டத் தொடங்குவோம், அதன்பின் திரும்பாது.

நாங்கள் ரத்து செய்தால் முழுப்பணத்துடன் ரூ. 200 சேர்த்துத் தருவோம். அக். 22-க்குள் அனுப்பாவிட்டால் நீங்கள் ரத்து செய்யலாம்; முழுப்பணமும் வரும்.

உடைந்து வந்தால், பெட்டியைப் பிரிக்கும் வீடியோவை 2 நாளுக்குள் அனுப்புங்கள். மாற்று செட் அல்லது பணம். ஒற்றை ஜிமிக்கி மட்டும் மாற்ற இயலாது, அளவு ஒத்துவராது.

அன்போடு கையால் செய்தது.’

இதயங்களை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்கச் சம்மதித்தாள்.

இவ்வளவு எழுதியபின் உலகம் திருந்திவிட்டதா என்றால், முதல் நாளே முதல் கேள்வி வந்தது: “எப்ப வரும் சிஸ்டர்?” ஆனால் இப்போது அவள் காஜாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. மேலே இருக்கிற வரியையே திருப்பி அனுப்பினாள். ஒருவர் அக்டோபர் 5-ல் எழுதினார்: கல்யாணம் தள்ளிப்போய்விட்டது, ஆர்டர் வேண்டாம். வாசகம் இல்லாதிருந்தால் அது இரண்டு நாள் வாக்குவாதம் ஆகியிருக்கும். இருந்ததால் கணக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. 200 திரும்ப வரும், 200 வராது. அவர் கொஞ்சம் யோசித்து, “இன்னும் கலர் அடிக்கல்லியே, அப்ப தை மாசத்துப் புடவைக்கு ஏத்த மாதிரி அடிச்சுக் குடுங்க” என்று எழுதினார். ரத்து ரத்தாயிற்று. அக்டோபர் பாதியில் சென்னையில் மழை கொட்டியது. அவளிடமிருந்து 18-ல் கிளம்பிய பெட்டிகளில் சில அந்தப் பக்கம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. கிளம்புவது வேறு, சேருவது வேறு என்று எழுதியிருந்ததால் கோபம் கூரியர்காரர் மேல் போயிற்று. அது நியாயமா என்பது அவர் எழுத வேண்டிய கட்டுரை.

இருபத்தைந்து செட்டும் பதிவாகி முடிந்த பிறகு, என் பழைய அலுவலகப் பக்கத்து நண்பர் ஒருவர் போன் செய்தார். மருமகளுக்கு ஒரு செட் வேண்டுமாம். முன்பதிவு முடிந்துவிட்டதே என்றேன். “போர்டெல்லாம் பாத்தேன்யா. உங்க அண்ணன் பொண்ணுதானே, ஒண்ணே ஒண்ண உள்ள சொருகச் சொல்லு” என்றார். மாஸ்டரின் அட்டைக்குக் கீழே நின்ற அப்பாவின் குரலேதான். ஐம்பது வருஷத்தில் அளவெடுக்கும் டேப் மாறியிருக்கிறது, சிபாரிசு மாறவில்லை. தெருவில் பாதிப் பேர் இப்படி ஒண்ணே ஒண்ணைச் சொருகியதால்தான் மாஸ்டருக்கு விடிய விடிய மிஷின் ஓடியது என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு உறைத்தது. உறைத்தும், நண்பராயிற்றே என்று கேட்டுப் பார்த்தேன்.

“சூளைல இடமில்ல சித்தப்பா” என்றாள். வார்த்தையில் மரியாதை இருந்தது, பேச்சு அங்கே முடிந்தும் போயிற்று. வீட்டுப் பெண்ணிடம் சொல்லி ஒரு ஜிமிக்கி வாங்கித்தர வக்கில்லாதவன் என்று நண்பர் இன்றைக்கும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 25 பெட்டியும் 22-ம் தேதிக்குள் கிளம்பிவிட்ட விவரத்தைச் சொன்னால் அவருக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை.